கடைசி வரியில் இருக்கிறது கம்பெனியின் விலை

ஒரு கம்பெனியின் மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்தால், பெரும்பாலானவர்கள் முதலில் புரட்டுவது அடுத்த ஐந்தாண்டு விற்பனைக் கணிப்பைத்தான். விற்பனை 10 சதவீதம் வளருமா, 12 சதவீதம் வளருமா, மூலப்பொருள் விலை ஏறுமா என்று வாங்குபவரும் விற்பவரும் பேசிப் பேசியே பொழுதைக் கழிப்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த ஐந்து ஆண்டுகளும் சேர்ந்து மொத்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். மீதியெல்லாம் அட்டவணையின் கோடியில் 'டெர்மினல் வேல்யூ', அதாவது இறுதி மதிப்பு, என்ற ஒற்றை வரியில் உட்கார்ந்திருக்கும். அந்த வரியை யாரும் கிளறுவதில்லை. பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்குப் போல அவ்வளவு எளிமையாக இருப்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த வரி எப்படி வருகிறது, அதில் எங்கே கோளாறு புகுகிறது என்று ஒரு கணக்கோடு பார்த்துவிடலாம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பங்குச் சந்தையில் பட்டியலிடாதது. வெளியிலிருந்து ஒரு முதலீட்டாளர் பங்கு வாங்க வருகிறார். நிறுவனம் கற்பனை, எண்கள் கணக்கு எளிதாக வரவேண்டும் என்பதற்காக நான் வைத்துக்கொண்டவை.

அடுத்த ஆண்டு விற்பனை 200 கோடி ரூபாய். கூலி, இரும்பு, செம்பு, மின்சாரம், தேய்மானம் எல்லாம் போக, வட்டி கட்டுவதற்கு முன் நிற்கும் செயல்பாட்டு லாபம் 24 கோடி. 25 சதவீதம் வரி போனால் 18 கோடி. இனி லாபத்திலிருந்து பணத்துக்கு வர வேண்டும். தேய்மானம் என்று கழித்த 6 கோடி கையை விட்டுப் போன பணம் அல்ல. அதைத் திரும்பக் கூட்டிக்கொள்கிறோம். புது லேத், வார்ப்புக்கூட விரிவாக்கம் என்று 12 கோடி செலவாகிறது. விற்பனை கூடும்போது கிடங்கில் சரக்கும் கூடும், டீலர்களிடம் நிற்கும் பாக்கியும் கூடும்; சப்ளையர்களுக்குத் தர வேண்டியதைக் கழித்த பிறகும் அதில் 4 கோடி முடங்குகிறது. 18, கூட்டல் 6, கழித்தல் 12, கழித்தல் 4. மிஞ்சுவது 8 கோடி.

இந்த 8 கோடிதான் நிறுவனம் முழுமைக்குமான 'ஃப்ரீ கேஷ் ஃப்ளோ'. மிச்சப் பணம் என்று சொல்லிக்கொள்வோம். 'நிறுவனம் முழுமைக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். வங்கிக்கு வட்டி கட்டுவதற்கு முன்னால் நிற்கும் தொகை இது. கடன் கொடுத்தவருக்கும் பங்குதாரருக்கும் சேர்த்துச் சொந்தமானது. வட்டியையும் கழித்துவிட்டு, பிறகு கழிவு விகிதத்திலும் கடனின் செலவைச் சேர்த்தால் அதே வட்டியை இரண்டு முறை கழித்ததாகும். இந்தத் தவறு அறிக்கைகளில் அவ்வப்போது தலைகாட்டும். விற்பவருக்குத்தான் நஷ்டம் என்பதால் வாங்குபவர் சுட்டிக்காட்ட மாட்டார்.

கழிவு விகிதம் என்பது, இந்த நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் எல்லோரும் சராசரியாக ஆண்டுக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பது. மூலதனத்தில் நான்கில் ஒரு பங்கு கடன் என்றும், வங்கி 10 சதவீத வட்டி கேட்கிறது என்றும் கொள்வோம். வட்டிக்கு வரிச் சலுகை உண்டு என்பதால் நிறுவனத்துக்கு அது 7.5 சதவீதம்தான். மீதி முக்கால் பங்கு பங்குதாரர்களுடையது. அவர்கள் எதிர்பார்ப்பது 13.5 சதவீதம். எடை போட்டுச் சராசரி எடுத்தால் 12 சதவீதம். இதைத்தான் அறிக்கைகளில் 'வாக்' என்று நான்கெழுத்துச் சுருக்கமாகக் குறிக்கிறார்கள்.

ஐந்தாண்டுகளுக்கு எல்லாமே ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்கிறது என்றால் மிச்சப் பணம் 8 கோடியில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 11.7 கோடி ஆகும். ஒவ்வொன்றையும் 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 34.5 கோடி. சண்டை போட்டுக் கணித்த ஐந்தாண்டுகளின் மதிப்பு இவ்வளவுதான். ஆறாம் ஆண்டிலும் அந்தத் தொழிற்சாலை ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

ஆறாம் ஆண்டு முதல் என்றென்றைக்கும் ஆண்டுவாரியாகக் கணித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் நிறுவனம் நிதானமாக, ஒரே சீரான வேகத்தில் வளரும் என்று வைத்துக்கொண்டு, முடிவில்லாத அந்தத் தொடரை ஒரே வகுத்தலில் அடக்குகிறார்கள்:

இறுதி மதிப்பு = அடுத்த ஆண்டின் மிச்சப் பணம் ÷ (கழிவு விகிதம் − நிரந்தர வளர்ச்சி விகிதம்)

இதற்கு கார்டன் வளர்ச்சி மாதிரி என்று பெயர். மைரன் கார்டனும் எலி ஷப்பிரோவும் 1956-ல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது. 1938-லேயே ஜான் பர் வில்லியம்ஸ் தன் புத்தகத்தில் இதே கருத்தைப் பங்கு ஈவுத்தொகைக்குப் போட்டுக்காட்டியிருந்தார். சூத்திரம் ஏன் சரி என்பதற்குப் பெரிய நிரூபணம் தேவையில்லை. முதலீட்டாளருக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வேண்டும். சொத்தின் மதிப்பே ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தால், கையில் ரொக்கமாக 7 சதவீதம் வந்தால் போதும். அப்படியானால், வரும் ரொக்கம் எந்தத் தொகையில் 7 சதவீதமோ அந்தத் தொகைதான் சொத்தின் விலை. வகுத்தலில் நிற்கும் 12 கழித்தல் 5 சொல்வது அதைத்தான்.

5 சதவீதம் என்பதே கொஞ்சம் யோசிக்க வேண்டிய எண். இது பணவீக்கமும் சேர்ந்த வளர்ச்சி. ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம் என்பதால், 5 சதவீத வளர்ச்சி என்றால் உண்மையில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுதலாகப் பம்ப் விற்பது என்று பொருள். என்றென்றைக்கும் நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக ஒரு நிறுவனம் வளர்ந்தால், ஒரு நாள் நாட்டைவிட அந்த நிறுவனம் பெரிதாகிவிடும். அதனால் அதற்குமேல் போகக் கூடாது. சென்னை லயோலாவில் பி.காம். படித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அஸ்வத் தாமோதரன் இன்னும் கறாரானவர். நீண்டகால அரசுப் பத்திரத்தின் வட்டி விகிதத்தைத் தாண்டி இந்த எண்ணைப் போடாதே என்பது அவர் விதி.

இதுவரை பாடப்புத்தகம். சிக்கல் இருப்பது வகுக்கும் எண்ணில் அல்ல, வகுபடும் எண்ணில். ஆறாம் ஆண்டின் மிச்சப் பணம் எவ்வளவு என்பதற்கு அறிக்கை எழுதுபவர்கள் இரண்டு குறுக்குவழிகளைப் பிடிக்கிறார்கள்.

முதல் வழியில் ஐந்தாம் ஆண்டின் 11.7 கோடியை 5 சதவீதம் கூட்டி 12.3 கோடி என்கிறார்கள். 7 சதவீதத்தால் வகுத்தால் 176 கோடி. ஐந்தாண்டு தள்ளி வருவதால் இன்றைய மதிப்பு 100 கோடி. இதில் நிறுவனத்துக்கு அநியாயம் நடக்கிறது. ஐந்தாம் ஆண்டின் மிச்சப் பணம் ஏன் அவ்வளவு குறைவு? 10 சதவீத வளர்ச்சிக்கு வேண்டிய இயந்திரத்தையும் சரக்கையும் வாங்கிய பிறகு மிஞ்சியது அது. ஆறாம் ஆண்டு முதல் பாதி வேகத்தில்தான் வளரப்போகிறது என்றால், பழைய வேகத்துக்கான முதலீட்டை ஏன் தொடர்ந்து கழித்துக்கொண்டிருக்க வேண்டும்?

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர், அதிகமாகக் காணப்படுவதும் இதுதான். "நிறுவனம் முதிர்ந்துவிட்டது, இனி இயந்திரச் செலவு தேய்மானத்துக்குச் சமம், நடைமுறை மூலதனம் கூடாது" என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஐந்தாம் ஆண்டு வரை போட்ட முதலீட்டின் பலனாக ஆறாம் ஆண்டில் வரிக்குப் பிந்தைய லாபம் 29 கோடி. புது முதலீடே இல்லை என்றால் அந்த 29 கோடியும் அப்படியே மிச்சப் பணம். 7 சதவீதத்தால் வகுத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 235 கோடி. முதல் வழியில் வந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கழிவு விகிதமும் அதே 12, வளர்ச்சியும் அதே 5.

விதைநெல்லையும் விற்று அதையும் மகசூல் கணக்கில் எழுதிக்கொண்டு, அடுத்த போகமும் இதைவிடக் கூடுதலாக விளையும் என்று சொல்வதுதான் இந்த இரண்டாவது வழி. வளர்ச்சிக்கு முதல் வேண்டும். பணவீக்கத்தால் மட்டுமே விற்பனை ஏறினாலும், சரக்கிலும் டீலர் பாக்கியிலும் முடங்கும் ரூபாய் கூடத்தான் செய்யும். தேய்மானம் என்பது பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விலையில் போடும் கணக்கு. அந்த லேத்தைக் கழித்துவிட்டு இன்று புதிது வாங்கப் போனால் பழைய விலைக்கு யாரும் தர மாட்டார்கள். ஆகவே, ஒரு பம்ப்கூடக் கூடுதலாக விற்காவிட்டாலும், இயந்திரச் செலவு தேய்மானத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு கூடுதலாக? அதற்கு ஓர் எளிய உறவு இருக்கிறது. லாபத்தில் எந்தப் பங்கைத் திரும்பத் தொழிலில் போடுகிறோமோ அதை, போட்ட பணம் ஈட்டித்தரும் வருமான விகிதத்தால் பெருக்கினால் வளர்ச்சி விகிதம் வரும். நம் பம்ப் நிறுவனம் முதலாண்டில் 100 கோடி மூலதனத்தில் 18 கோடி ஈட்டுகிறது. வருமானம் 18 சதவீதம். இயந்திரத்துக்குத் தேய்மானம் போக 6 கோடி, நடைமுறை மூலதனத்துக்கு 4 கோடி என்று 10 கோடியைத் திரும்பப் போடுகிறது. அந்த 10 கோடியும் 18 சதவீதம் ஈட்டினால் அடுத்த ஆண்டு லாபம் 1.8 கோடி கூடும். 18 கோடியில் அது 10 சதவீதம். கணக்கு பொருந்துகிறது.

இதையே திருப்பிப் போட்டால் ஆறாம் ஆண்டுக்கான விடை கிடைக்கும். 5 சதவீதம் வளர வேண்டும், புதிய முதலீடும் 18 சதவீதமே ஈட்டும் என்றால், 5-ஐ 18-ஆல் வகுத்த பங்கை, அதாவது லாபத்தில் ஏறத்தாழ 28 சதவீதத்தைத் திரும்பப் போட வேண்டும். 29 கோடியில் 8 கோடி அதற்குப் போக, மிச்சப் பணம் 21 கோடி. இறுதி மதிப்பு 299 கோடி. இன்றைய மதிப்பில் 170 கோடி.

ஆனால் 18 சதவீத வருமானம் என்றென்றைக்கும் நிற்குமா? முதலீட்டாளர்கள் கேட்பதே 12 சதவீதம்தான். ஒரு தொழிலில் 18 கிடைக்கிறது என்றால் இன்னொருவரும் பக்கத்துப் பட்டறையைப் பிடிப்பார். போட்டி வந்து, புதிதாகப் போடும் பணத்துக்கு மட்டும் வருமானம் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது என்று வைத்தால், 5 சதவீத வளர்ச்சிக்கு லாபத்தில் 42 சதவீதத்தை விழுங்கக் கொடுக்க வேண்டும். மிச்சப் பணம் 16.9 கோடி, இறுதி மதிப்பு 242 கோடி, இன்றைய மதிப்பு 137 கோடி.

இங்கே ஒரு விந்தை. இதே நிலையில் வளர்ச்சியை 5-லிருந்து 3 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். திரும்பப் போட வேண்டியது லாபத்தில் கால் பங்காகக் குறையும், மிச்சப் பணம் 21.7 கோடியாக உயரும், வகுக்கும் எண் 9 சதவீதமாகும். விடை மறுபடி அதே 242 கோடி. வளர்ச்சியே வேண்டாம் என்று பூஜ்யம் போட்டாலும் 29-ஐ 12 சதவீதத்தால் வகுத்து அதே 242-தான். மூலதனத்தின் செலவுக்குச் சமமாகத்தான் புது முதலீடு ஈட்டுகிறது என்றால், வளர்ச்சி மதிப்பில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காது. மெர்ட்டன் மில்லரும் ஃபிராங்கோ மோடிக்லியானியும் 1961-லேயே எழுதிவைத்த விஷயம் இது. "இந்த கம்பெனி நல்லா வளரும் சார்" என்று சொல்பவர்களிடம், வளர்ச்சிக்குப் போடும் பணம் எத்தனை சதவீதம் ஈட்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இப்போது பங்கு விலைக்கு வருவோம். ஐந்தாண்டுகளின் 34.5 கோடியோடு இறுதி மதிப்பின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் நிறுவனத்தின் மதிப்பு. அதிலிருந்து 40 கோடி கடனைக் கழித்து, வங்கியில் கிடக்கும் 5 கோடியைக் கூட்டினால் பங்குதாரர்களுக்கு உரியது. மொத்தம் ஒரு கோடிப் பங்குகள் என்று வைத்தால், முதல் குறுக்குவழியில் பங்கு 99 ரூபாய். புது முதலீடு 12 சதவீதம் ஈட்டும் கணக்கில் 137. 18 சதவீதம் ஈட்டும் கணக்கில் 169. முதலே போடாமல் வளரும் கணக்கில் 234. நான்குக்கும் ஐந்தாண்டுக் கணிப்பு ஒன்று, கழிவு விகிதம் ஒன்று, நிரந்தர வளர்ச்சி ஒன்று.

என் கையில் கொடுத்தால் 137-லிருந்து தொடங்குவேன். அந்த நிறுவனத்துக்குப் பேர்போன பிராண்டோ, மற்றவர்கள் எட்ட முடியாத டீலர் வலையோ இருந்தால் 169-ஐ நோக்கி நகர்வேன்; ஆனால் அதற்கு விற்பவர் காரணம் காட்ட வேண்டும். 234 விற்பவரின் ஆசை மட்டுமே.

இதைக் கண்டுபிடிக்க அறிக்கையில் எங்கே பார்ப்பது? ஒரு வழி, இறுதி மதிப்பை ஐந்தாம் ஆண்டின் எபிட்டாவால், அதாவது வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தால், வகுத்துப் பார்ப்பது. நம் கணக்கில் அந்த எபிட்டா 44 கோடி. 242 கோடி என்றால் அதைப்போல 5.5 மடங்கு, இரண்டாவது குறுக்குவழியின் 414 கோடி என்றால் 9.4 மடங்கு. மந்தமாக வளரும் ஒரு முதிர்ந்த நிறுவனத்துக்குச் சந்தை அவ்வளவு கொடுக்கிறதா என்று ஒப்பிடலாம். இது உதவும், ஆனால் சந்தை சூடாக இருக்கும் காலத்தில் 9.4 மடங்கும் சாதாரணமாகத் தெரியும் என்பதால் இதை மட்டும் நம்ப மாட்டேன்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. அறிக்கை நின்றுவிட்ட இடத்திலிருந்து நாமே இன்னும் இருபது ஆண்டு ஓட்டிப் பார்ப்பது. ஐந்தாம் ஆண்டு முடிவில் தொழிலில் இருக்கும் மூலதனம் 161 கோடி. புது முதலீடே இல்லை என்ற கணக்கில் அது 161 கோடியாகவே நிற்கும்; லாபமோ 29 கோடியிலிருந்து ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறி, இருபது ஆண்டில் 77 கோடி ஆகிவிடும். 161 கோடி மூலதனத்தில் 77 கோடி என்றால் 48 சதவீத வருமானம். இன்னும் பத்தாண்டு ஓட்டினால் 78 சதவீதம். பம்ப் தயாரிப்பில் அப்படி ஈட்டும் நிறுவனம் இருந்தால், அதை விற்க உரிமையாளர் மதிப்பீட்டாளரைத் தேடிப் போகவே மாட்டார்.

வேறு சில இடறல்களும் உண்டு, அவை சின்னவை. சூத்திரம் ஆறாம் ஆண்டுப் பணத்தைப் பயன்படுத்தினாலும், தரும் விடை ஐந்தாம் ஆண்டு முடிவின் மதிப்பு. அதை ஆறு ஆண்டுக்குக் கழித்தால் 137 கோடி 122 ஆகிவிடும். ஐந்தாம் ஆண்டு தொழிலுக்கே அதிர்ஷ்டமான ஆண்டாக அமைந்தால், அந்த லாபத்தை நிரந்தரமாக்குவது ஆபத்து. சுரங்கத்துக்கும் டோல் சாலைக்கும் குத்தகை முடியும் தேதி உண்டு என்பதால் நிரந்தரம் என்ற பேச்சே பொருந்தாது. வங்கிக்குக் கடன் என்பதே மூலப்பொருள். அங்கே வட்டிக்கு முந்தைய மிச்சப் பணம் என்று ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாது.

இவ்வளவு கவனமாகப் போட்டாலும் விடை ஒரு கணிப்புதான். 2021 ஜூலையில் சொமேட்டோ 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது, தாமோதரன் தன் கணக்கில் அதை ஏறத்தாழ 41 ரூபாய் என்று மதிப்பிட்டு வெளிப்படையாகவே எழுதினார். பட்டியலான அன்றே விலை எகிறியது. சரியாக ஓராண்டு கழித்து ஏறக்குறைய அந்த 41-ஐ வந்து தொட்டது. 2024-ல் 200 ரூபாயைத் தாண்டிப் போனது. அவர் சொன்னது பலித்தது என்று 2022-ல் பேசியவர்களும், பொய்த்தது என்று 2024-ல் பேசியவர்களும் எண்ணை மட்டும் பார்த்தவர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் அவர் போட்ட அனுமானங்கள் எல்லாம் வெளியே கிடந்தன. எது மாறியதால் விலை மாறியது என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிந்தது. குறுக்குவழி அறிக்கையில் அந்த வசதி இருக்காது.

அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கட்டம்போட்ட அட்டவணை வரும். மேலே வளர்ச்சி 4, 5, 6 சதவீதம்; பக்கவாட்டில் கழிவு விகிதம் 11, 12, 13. எல்லா வாய்ப்புகளையும் அலசிவிட்டதுபோல ஒரு தோற்றம் தரும். அந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் வகுபடும் எண் ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள். முதலே போடாத கணக்கில் வளர்ச்சியை 5-லிருந்து 6 ஆக்கினால் இன்றைய மதிப்பு 39 கோடி கூடுகிறது. 18 சதவீதம் ஈட்டும் முதலீட்டைக் கழித்துக்கொண்டால் கூடுவது 13 கோடி. 12 சதவீதம் ஈட்டினால் ஒன்றுமே கூடாது. அட்டவணையில் வலப்பக்கம் போகப் போக விலை துள்ளி ஏறுகிறது என்றால், எக்செல் கோப்பையே கேட்டு வாங்கி, கடைசிப் பத்தியில் இயந்திரச் செலவும் தேய்மானமும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்காரலாம்.